நாலாகப் பிரித்தால் சரியாகாத கணக்கு

டீமில் ஒருவர் ஆறு மாதம் மகப்பேறு விடுப்பில் போகப்போகிறார் என்றதும் பெரும்பாலான மேலாளர்கள் செய்வது ஒன்றுதான். ஒரு எக்ஸெல் தாளைத் திறப்பார்கள், அவர் செய்யும் வேலைகளை ஒரு பக்கம் எழுதுவார்கள், மீதியுள்ள நாலு பேரின் பெயர்களை எதிரே எழுதி ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துவிடுவார்கள். வாரம் நாற்பது மணி நேர வேலை, நாலு பேர், ஆளுக்குப் பத்து மணி நேரம். "கொஞ்ச நாள்தானே, எல்லாரும் ஒத்துழைங்க" என்று ஒரு வரி. முடிந்தது.

நானும் ஒரு கணக்குப் பிரிவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட டீமுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்களில் சம்பளப் பட்டியல் போடுபவர் விடுப்பில் போனபோது இந்தப் பிரிக்கும் கணக்கை வைக்காமல் வேறொரு கணக்கு வைத்தோம். அதைத்தான் எண்களோடு எழுதப்போகிறேன். உங்கள் வேலை கணக்கு வேலையாக இல்லாவிட்டாலும் கணக்கு வைக்கும் முறை மாறாது.

முதலில், பிரிக்கும் கணக்கு ஏன் தப்பு என்பதைப் பார்க்கலாம். யாரிடமும் பத்து மணி நேரம் சும்மா இருக்காது, அது எல்லாருக்கும் தெரிந்ததே. தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. வேலை எப்போது வந்து விழும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் இழுக்கும் என்று முன்கூட்டித் தெரியாத மேசையில், ஆளின் நேரம் நிரம்ப நிரம்பக் காத்திருப்பு ஒரே சீராகக் கூடுவதில்லை. வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இதற்கு மிக எளிய ஒரு சூத்திரம் உண்டு. ஒருவர் தம் நேரத்தில் 80 சதவீதம் வேலையில் இருந்தால், புதிதாக வரும் வேலை, அதைச் செய்து முடிக்க ஆகும் நேரத்தைப் போல சராசரியாக 4 மடங்கு வரிசையில் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. 95 சதவீதம் என்றால் 19 மடங்கு. நிஜ அலுவலகம் சூத்திரத்துக்குள் அப்படியே அடங்காது, ஆனால் வளைவின் போக்கு இதுதான். எண்பதில் இருப்பவர் தலையில் பத்து சதவீதத்தைக் கூடுதலாக வைத்தால் அவருடைய உழைப்பு கூடுவது எட்டில் ஒரு பங்கு, அவருக்காகக் காத்திருப்பவர்களின் காலமோ இரண்டு மடங்குக்கு மேல்.

இதனால் விடுப்பு தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் ஒரு விசித்திரமான நிலை வரும். யாரும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள். யாரும் சோம்பேறியாகவும் இருக்க மாட்டார்கள். ஆனால் எல்லாமே தாமதமாகும். முன்பு அன்றே கிடைத்த பதில் நாலு நாள் கழித்து வரும். தாமதத்தைக் கேட்டு "என்னாச்சு, என்னாச்சு" என்று மெயில் வரும், அந்த மெயிலுக்குப் பதில் எழுதுவதே இன்னொரு வேலையாகும். அப்போதுதான் டீம் சோர்ந்துபோகும். கோபம் எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கவனித்துப் பாருங்கள். ஆள் போடாத நிர்வாகத்தின் பக்கம் திரும்பாது. "அவங்க பாட்டுக்கு லீவுல போயிட்டாங்க" என்று, அங்கே இல்லாதவர் பக்கம் திரும்பும்.

ஆகவே யாருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகள் வரவேண்டும். உண்மையில் எவ்வளவு வேலை இருக்கிறது? அதில் எது இந்த ஆறு மாதம் நடக்கப்போவதில்லை?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேலை விவரப் படிவம் உதவாது. அது வேலைக்கு ஆள் எடுத்த நாளில் யாரோ எழுதியது. நாங்கள் இரண்டு வழிகளில் எடுத்தோம். ஒன்று, அவரே ஒரு முழு மாதச் சுற்றுக்கு அன்றன்று என்ன செய்தார், எவ்வளவு நேரம் என்று அரை மணிக் கணக்கில் குறித்துக்கொண்டார். நாளின் முடிவில் இரண்டு நிமிட வேலை. இன்னொன்று, அவருடைய அனுப்பிய மெயில்களைப் பன்னிரண்டு மாதம் பின்னோக்கிப் புரட்டினார். இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒரு மாதக் குறிப்பில் அந்த மாத வேலை மட்டுமே தெரியும். வருடத்துக்கு ஒரு முறை வருகிற ஆடிட் விவரம், காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் படிவம், மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்கும் தேதி, இவையெல்லாம் அனுப்பிய மெயில்களில்தான் ஒளிந்திருக்கும். விடுப்பின் ஐந்தாவது மாதத்தில் திடீரென்று முளைத்து எல்லாரையும் ஓடவைப்பவையும் இவைதான்.

இப்படித் தேடும்போது கிடைத்த ஒரு சின்ன விஷயம். வங்கித் தளத்தில் சம்பளக் கோப்பை ஏற்றும்போது வரும் ஓடிபி, அவருடைய சொந்தக் கைபேசிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் அது வேலையே இல்லை, ஐந்து நொடி. ஆனால் அதை மாற்ற வங்கிக்குக் கடிதம், இரண்டு கையெழுத்து, சில வேலை நாட்கள் காத்திருப்பு என்று நீண்டது. பிரசவ அறையில் இருப்பவருக்கு "ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க மேடம்" என்று போன் போகிற கதைகள் எல்லாம் இங்கேதான் பிறக்கின்றன. ஓடிபி, அவர் பெயரில் மட்டும் இருக்கும் கடவுச்சொல், அவர் மெயிலுக்கு மட்டும் வரும் தானியங்கி எச்சரிக்கை, அவருக்கு மட்டுமே உள்ள ஒப்புதல் அதிகாரம், இந்த நான்கையும் தனியாகத் தேடுங்கள். மணிக்கணக்கில் ஒன்றுமில்லை, ஆனால் வேலையை நிறுத்துவது இவைதான்.

சரி, எண்களுக்கு வருவோம். கூட்டம், பொதுவான மெயில் இதெல்லாம் போக, அவருடைய மாதம் 140 மணி நேரமாக வந்தது. சம்பளப் பட்டியல் போட 44. சப்ளையர்களின் பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்ப 36. வங்கிக் கணக்குகளை நம் ஏடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க 20. "என் சம்பளத்தில் ஏன் இந்தப் பிடித்தம்?" போன்ற ஊழியர் கேள்விகளுக்கு 18. துறைத் தலைவர்களுக்கு மாத அறிக்கைகள் தயாரிக்க 14. புதிய மென்பொருளைச் சோதித்துப் பார்க்க 8.

அப்புறம் மீதி நாலு பேரிடம் உண்மையிலேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டோம். ஒருவர் ஆடிட்டின் நடுவில் இருந்தார், அவரிடம் பூஜ்யம். மற்ற மூவரையும் சேர்த்து, யாரையும் நெருக்காமல், மாதம் 50 மணி நேரம் என்று வந்தது. இந்த எண்ணை ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் யாராவது ஒருவர் "நான் பார்த்துக்கறேன் சார்" என்பார், எப்போதும் அதே ஆள்தான் சொல்வார். வீட்டில் குழந்தை இல்லை, கல்யாணம் ஆகவில்லை என்பதற்காகச் சிலர் தலையில் இது தானாகவே வந்து ஏறுவதும் உண்டு. தனியாகக் கேட்கும்போதும் "எவ்வளவு முடியும்?" என்று கேட்காமல், "இப்போது செய்வதில் எதை விட்டால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதைக்காகப் பதில் வரும், இரண்டாவதுக்குக் கணக்கு வரும்.

140க்கும் 50க்கும் நடுவில் 90. இந்தத் தொண்ணூறை மறைத்து வைப்பதற்குத்தான் "எல்லாரும் ஒத்துழைங்க" என்ற வாக்கியம் பயன்படுகிறது.

எங்கள் கணக்கில் இதில் பாதியைக் குறைத்தே எடுத்துவிட முடிந்தது. மாத அறிக்கைகள் ஆறு போய்க்கொண்டிருந்தன. வாங்கும் ஒவ்வொருவரிடமும் "இதைப் பார்த்து என்ன முடிவு எடுக்கிறீர்கள்?" என்று ஒரே கேள்வி. "வேண்டுமா?" என்று கேட்டிருந்தால் ஆறு பேரும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். முடிவு என்று கேட்டதும் இரண்டு அறிக்கைகள் மட்டும் மிஞ்சின. 14 மணி நேரம் 4 ஆனது. வங்கி ஒப்பீடு எல்லாக் கணக்குகளுக்கும் வாராவாரம் நடந்துகொண்டிருந்தது. பணம் அதிகம் புழங்கும் கணக்குக்கு மட்டும் வாரம் ஒரு முறை, மற்றவற்றுக்கு மாதம் ஒரு முறை என்று மாற்றினோம். 20 என்பது 12 ஆனது. சப்ளையர் பணம் தினமும் போவது வாரத்தில் இரண்டு நாளாக மாறியதும் 36 என்பது 26 ஆனது. வேலையின் அளவு அதேதான். தினமும் கோப்பு தயாரிப்பது, ஒப்புதல் வாங்குவது, வங்கித் தளத்தில் நுழைவது என்ற சடங்கு ஐந்து முறைக்குப் பதில் இரண்டு முறை நடந்தது, அவ்வளவுதான். ஊழியர் கேள்விகளுக்குத் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதிவைத்ததில் 18 என்பது 10 ஆனது. மென்பொருள் சோதனை அடுத்த ஆண்டுக்குப் போனது, 8 முழுதும் மிச்சம்.

மொத்தம் 44 குறைந்தது, 96 மீதி. இதில் ஒரு நிபந்தனை முக்கியம். எதை நிறுத்துகிறோம், எதைத் தள்ளிவைக்கிறோம் என்பதை என் மேலதிகாரி மெயிலில் எழுதி, பாதிக்கப்படும் எல்லாருக்கும் தம் பெயரிலேயே அனுப்பினார். இதற்காகத்தான் அவரிடம் அதிகம் பேச வேண்டியிருந்தது. நான் அனுப்பியிருந்தால் இரண்டாவது மாதமே ஒரு துறைத் தலைவர் எங்கள் இளையவரின் மேசைக்கு வந்து "அந்த ரிப்போர்ட் மட்டும் போட்டுக் குடும்மா" என்று கேட்டிருப்பார், அவரும் போட்டுக் கொடுத்திருப்பார். நிறுத்தப்பட்ட வேலை வாசல் வழியாக வராது, ஜன்னல் வழியாகத்தான் வரும்.

96இல் டீம் எடுத்துக்கொள்ளக்கூடியது 50. மீதிக்குத் தற்காலிக ஆள் வேண்டும், பாதி நேரம் வேலை செய்பவர் போதும். பாதி நேரம் என்றால் மாதம் சுமார் 70 மணி நேர உருப்படியான வேலை. இங்கே இயல்பாக வரும் எண்ணம், புதிதாக வருபவரைப் போனவரின் நாற்காலியில் உட்காரவைப்பது. அதைச் செய்யக்கூடாது. சம்பளப் பட்டியல் என்பது நிறுவனத்தின் ஒவ்வொருவர் வீட்டையும் தொடும் வேலை, ஒவ்வொருவரைப் பற்றியும் ஏதாவது ஒரு விதிவிலக்கு இருக்கும். ஆறு மாதத்துக்கு வருபவர் அதைக் கற்றுக்கொண்டு முடிக்கும்போது கிளம்பும் நேரம் வந்துவிடும்.

நாங்கள் ஒரு படி நகர்த்தினோம். டீமில் இளையவர் சம்பளப் பட்டியலை முழுதாக எடுத்துக்கொண்டார், 44 மணி நேரம். அதுவரை அவர் செய்துவந்த பில் பதிவு வேலை 36 மணி நேரம். அது தற்காலிக ஆளுக்குப் போனது. அதோடு சப்ளையர் பணம் அனுப்புவதற்கான தயாரிப்பு 26. ஆக அவருக்கு 62, அவருடைய 70க்குள் அடங்கியது. இளையவருக்குக் கூடுதலாக விழுந்தது வெறும் 8. வங்கி ஒப்பீடு 12 மூத்தவருக்கு. ஊழியர் கேள்விகளும் மிஞ்சிய இரண்டு அறிக்கைகளும் சேர்ந்து 14, அது எனக்கு. டீம் மொத்தமாகச் சுமந்தது 34. தரமுடியும் என்று சொன்னதோ 50.

மேலதிகாரி உடனே கேட்டார். "பதினாறு மணி நேரம் சும்மா இருக்கே, அந்த மென்பொருள் சோதனையை நிறுத்தாம வெச்சுக்கலாமே?" சும்மா இல்லை. யாருக்காவது காய்ச்சல் வரும், தற்காலிக ஆள் நடுவில் வேலையை விடுவார், ஒரு மாதச் சம்பளத்தில் பிழை வந்து திருத்த வேண்டியிருக்கும். மேலே சொன்ன 80, 90, 95 கணக்கைத்தான் அவருக்கும் காகிதத்தில் வரைந்து காட்டினேன். ஒருவர் இல்லாதபோது மீதி இருப்பவர்களிடம் இடைவெளியே வைக்காமல் திட்டம் போட்டால், முதல் காய்ச்சலோடு திட்டம் முடிந்தது.

கணக்குப் பிரிவுக்கே உரிய ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு துறைகளிலும் இதன் சாயல் இருக்கும். ஆள் குறையும்போது, தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு கைகள் சத்தமில்லாமல் ஒன்றாகிவிடும். சப்ளையரின் வங்கிக் கணக்கு எண்ணைப் பதிவு செய்பவரே பணத்தை அனுப்ப ஒப்புதலும் கொடுப்பவராக ஆகிவிடுவார். சம்பளப் பட்டியலைத் தயாரித்தவரே அதைச் சரிபார்த்தவராகக் கையெழுத்துப் போடுவார். யாரும் திருட வேண்டும் என்பதில்லை, ஒரு எண் மாறிப்போனால்கூடக் கண்டுபிடிக்க ஆளில்லாமல் போகும். பிரித்து எழுதிய தாளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் "செய்பவர் யார், பார்ப்பவர் யார்?" என்று கேட்டு, இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருக்கும் வரிகளைச் சிவப்பில் குறியுங்கள். எங்கள் முதல் தாளிலேயே அப்படி இரண்டு வரிகள் இருந்தன.

இனி தேதி. மகப்பேறு விடுப்பில் மருத்துவர் கொடுக்கும் தேதியைத் திட்டத்தின் கடைசித் தேதியாக வைப்பவர்கள் அநேகம். அந்தக் குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் இருபதில் ஒன்று போலத்தான். உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, பத்தில் ஒரு குழந்தை 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறக்கிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் கூடினாலோ மருத்துவர் படுக்கையில் இருக்கச் சொன்னாலோ விடுப்பு அதற்கும் முன்னால் தொடங்கும். அதனால் நாங்கள் 34ஆவது வாரத்தைக் கோடாகப் போட்டோம். அந்த வாரத்துக்குள் அவர் கையில் எந்த வேலையும் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு அவர் வரும் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு உபரி.

இங்கே மாதம் ஒரு முறை நடக்கும் வேலைக்கு ஒரு சிக்கல் உண்டு. சம்பளப் பட்டியலுக்கு ஒத்திகை பார்க்க மாதத்துக்கு ஒரு வாய்ப்புதான். எங்களுக்கு மூன்று தேவைப்பட்டது. முதல் மாதம் அவர் செய்ய இளையவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இரண்டாவது மாதம் இளையவர் செய்ய அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. மூன்றாவது மாதம் இளையவர் தனியாக முழுதும் செய்து முடிக்க, அவர் கடைசியில் சரிபார்ப்பது மட்டும். 34இலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணினால் 20, 21ஆவது வாரத்திலேயே தொடங்க வேண்டும். கேள்விப்பட்டதும் "இன்னும் நாள் இருக்கே" என்று எண்ணுவது வேலையின் சுற்றைப் பார்க்காமல் நாள்காட்டியை மட்டும் பார்ப்பதால்தான். தற்காலிக ஆளும் விடுப்பு தொடங்கும் நாளில் வந்து சேரக்கூடாது. முதல் மாதம் அவரிடமிருந்து பாதி வேலைதான் கிடைக்கும், சொல்லிக்கொடுப்பவரின் நேரமும் போகும். நான்கு வாரம் முன்பே எடுத்தோம். செலவு அதிகம் என்று ஒரு பேச்சு வரும். அந்த நாலு வாரச் சம்பளத்தை, ஒரு மாதச் சம்பளம் தப்பாகப் போனால் ஆகும் செலவோடு வைத்துப் பாருங்கள்.

மூன்று ஒத்திகைகளில் இரண்டாவதுதான் விலை மதிப்புள்ளது. பார்க்கும்போது புரிந்தது போலவே இருக்கும், கை வைக்கும்போதுதான் கேள்வி வரும். அந்த இரண்டாவது மாதத்தில், வங்கிக் கோப்பை ஏற்றியதும் திரையில் ஏற்கப்பட்டது என்று வந்தது. இளையவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "முடிஞ்சுதுக்கா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "முடியலைப்பா. கோப்பைத்தான் வாங்கிக்கிட்டாங்க. யாரோட கணக்கு மூடியிருக்கு, யார் பேர்ல எழுத்து மாறியிருக்குன்னு நாளைக்குக் காலையிலதான் தெரியும். திரும்பி வந்த பட்டியலைப் பார்த்தாத்தான் முடிஞ்சது" என்றார். அவர் வருடக்கணக்காக மறுநாள் காலையில் செய்துவந்தது இது, ஆனால் எழுதிக்கொடுத்த குறிப்பில் இல்லை. அவர் அதை ஒரு படியாகவே நினைத்ததில்லை. கைமாற்றக் குறிப்புகள் எல்லாம் இப்படித்தான். நாற்பது பக்கம் கணினித் திரையின் படங்களை ஒட்டி எழுதுவார்கள். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை யாரும் கண்டுபிடித்துக்கொள்ளலாம், மென்பொருள் மாறினால் அந்தப் படங்களும் உதவாது. வேண்டியது வேறு: நடு மாதத்தில் சேர்ந்தவர், நடு மாதத்தில் விலகியவர், சம்பளமில்லா விடுப்பு எடுத்தவர், போன மாத நிலுவை. இந்த மாதிரி விதிவிலக்குகளில் என்ன செய்வது, தப்பாகப் போனால் எப்படித் தெரியும், யாரைக் கூப்பிடுவது. நாலு பக்கம் போதும். அதையும் ஒத்திகையின்போது இளையவரே எழுதட்டும். தெரியாதவர் எழுதும் குறிப்பில்தான் தெரியாதவருக்கு வேண்டியது இருக்கும்.

மருத்துவ விடுப்புக்கு இந்த 34ஆவது வாரக் கோடு கிடைக்காது. தேதி குறித்த அறுவை சிகிச்சை என்றால் சில வாரம் கிடைக்கலாம், திடீர் நோய் என்றால் ஒரு நாள்கூடக் கிடைக்காது. அதற்கு முன்கூட்டிச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: முக்கியமான ஒவ்வொரு வேலையையும் கடந்த ஆறு மாதத்தில் இன்னொருவர் ஒரு முறையாவது செய்திருக்க வேண்டும். பார்த்திருப்பது கணக்கில் வராது. சாதாரண வருடாந்திர விடுப்பைக்கூட இதற்குப் பயன்படுத்தலாம், ஒருவர் பத்து நாள் போகும்போது வேலையைத் தேக்கிவைக்காமல் இன்னொருவர் செய்யட்டும்.

மருத்துவ விடுப்பின் மற்றொரு வித்தியாசம், திரும்பும் தேதி. மருத்துவச் சான்று நான்கு வாரம், ஆறு வாரம் என்று தவணையாக நீளும். ஒவ்வொரு முறையும் "அடுத்த மாதம் வந்துவிடுவார்" என்று எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவார்கள், அப்படியே அரை வருடம் போய்விடும். முதல் நாளிலேயே ஒரு நாளைக் குறித்துவைப்பது நல்லது. எட்டாவது வார முடிவில் அவர் வரவில்லை என்றால் தற்காலிக ஆள் எடுக்கப்படும், இன்னின்ன வேலை நிற்கும் என்று அன்றே தீர்மானித்து வைத்துவிட்டால், அந்த நாள் வரும்போது யாரும் நோயாளியின் உடல்நிலையை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். நோய் என்ன என்பது டீமுக்குத் தேவையில்லை. எப்போது, எவ்வளவு நேரம், எந்த மாதிரி வேலை செய்ய முடியும் என்பது மட்டும் போதும். யாரிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதையும் விடுப்பில் போகிறவரிடமே கேட்டு, அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

விடுப்பு ஓடும்போது கவனிக்க வேண்டியது, மக்கள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார்கள் என்பது அல்ல. நான் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தது, கையில் கிடக்கும் பில்களில் மிகப் பழையது எத்தனை நாள் பழையது என்பது. சராசரி ஏமாற்றும். மிகப் பழையதின் வயது ஏறிக்கொண்டே போனால் வேலை வரும் வேகத்துக்குக் கை ஓடவில்லை என்று அர்த்தம், யாரும் வாய் திறப்பதற்கு முன்பே அது சொல்லிவிடும். சம்பளத்தில் பார்த்தது, அடுத்த மாதம் நிலுவையாகச் சரிசெய்த பெயர்களின் எண்ணிக்கை. இன்னொன்று, மீதி நாலு பேரில் யார் விடுப்பே எடுக்கவில்லை என்பது. சக ஊழியர் இல்லாதபோது லீவு கேட்பது தப்பு என்று தாமாகவே நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. மூன்றாவது மாதத்தில் மூத்தவரை நானே கூப்பிட்டு, "சார், நீங்க ஒரு வாரம் போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. பதினாறு மணி நேரத்தில் கொஞ்சம் அங்கேதான் செலவானது.

விடுப்பில் இருப்பவரைக் கூப்பிடுவதில் எனக்கு ஒரே விதி, கூப்பிடக்கூடாது. "ஒரே ஒரு சந்தேகம்" என்று நாலு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டால் அது நாலு சந்தேகம். கேட்டே ஆக வேண்டியது வந்தால் அது என் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் செய்தியாக, அவர் விரும்பினால் விரும்பும்போது பதில் சொல்லலாம். என்னிடம் கொண்டுவர வேண்டும் என்ற ஒரு படியைச் சேர்த்ததுமே முக்கால்வாசிச் சந்தேகங்கள் தாமாகத் தீர்ந்துவிட்டன.

இளையவருக்கு அந்த மாதங்களில் கூடுதல் பொறுப்புக்கான படித்தொகையைக் கேட்டு வாங்கினோம், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எழுதி. முடியும் தேதியை எழுதாத கூடுதல் பொறுப்பு நிரந்தரமாகிவிடும், அதுவும் படி இல்லாமல்.

திரும்பி வருவதைப் பற்றி யாரும் திட்டம் போடுவதில்லை, வந்தால் உட்கார வேண்டியதுதானே என்ற எண்ணம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000இல் நிறைவேற்றிய 183ஆம் எண் உடன்படிக்கை, மகப்பேறு விடுப்புக்குக் குறைந்தது 14 வாரம் என்பதோடு, திரும்புபவருக்கு அதே பணி அல்லது அதே ஊதியத்தில் அதற்கு இணையான பணி என்ற உரிமையையும் சொல்கிறது. உங்கள் நாட்டின் சட்டம் இதைவிட அதிகமாகவும் தரலாம். பாலூட்டுவதற்கான இடைவேளையோ குறைந்த வேலை நேரமோ வேண்டும் என்பதும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. அதாவது, அவர் திரும்பும் முதல் மாதங்களின் கொள்ளளவு பழைய 140 அல்ல என்று திட்டத்திலேயே எழுத வேண்டும்.

எங்களிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. ஆறு மாதம் சம்பளப் பட்டியலை நல்லபடியாக ஓட்டிய இளையவரை மறுபடி பில் பதிவில் உட்காரவைப்பதா? வேலை திரும்பப் போவது உறுதி, அதில் பேச்சில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலை இளையவர் தயாரிப்பது, திரும்பி வந்தவர் சரிபார்ப்பது என்று இருவருமே ஒத்துக்கொண்டார்கள். அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. நிறுத்திய நாலு அறிக்கைகளில் ஒன்றை மட்டும் ஒரு துறைத் தலைவர் திரும்பக் கேட்டார், எதற்கு என்று சரியாகச் சொன்னார், கொடுத்தோம். மற்ற மூன்றையும் யாரும் இன்றுவரை கேட்கவில்லை. வங்கி ஒப்பீடும் பழைய முறைக்குத் திரும்பவில்லை.

கடைசியாக, தற்காலிக ஆளின் ஒப்பந்தம். அது விடுப்பு முடியும் நாளோடு முடியும்படி எழுதப்படுவதுதான் வழக்கம், மனிதவளத் துறையின் படிவத்திலேயே அப்படித்தான் இருக்கும். நாங்கள் நான்கு வாரம் கூட்டி எழுதினோம். திரும்புபவர் முதல் மாதச் சம்பளப் பட்டியலை இளையவரோடு சேர்ந்து போட வேண்டும், அதுவரை பில் பதிவை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே. அந்த நாலு வாரத்தை ஒப்பந்தம் போடும்போதே கேட்டால் எளிதாகக் கிடைக்கும். ஆள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு போய்க் கேட்டால், "அதான் அவங்க வந்துட்டாங்களே" என்பார்கள்.